ஓஆத் சரிபார்ப்பு கிடைத்தும் வீடியோக்கள் 'தனிப்பட்டது' என்றே பூட்டிக்கொள்கின்றன. யூடியூப் ஆடிட்டில் என்னதான் பார்ப்பார்கள்?

ஒலிச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாட்காஸ்ட் நடத்துபவர்களுக்காக ஒரு வலைச் செயலி எழுதியிருக்கிறேன். அவர்களுடைய ஆர்எஸ்எஸ் ஓடையில் புதிய அத்தியாயம் வந்தால் ஒலிக்கோப்பையும் அட்டைப் படத்தையும் எடுத்து, ffmpeg கொண்டு வீடியோவாக்கி, அவர்கள் சொன்ன நேரத்தில் அவர்கள் சேனலில் ஏற்றிவிடும். மனிதர் யாரும் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை.

கூகுளின் ஓஆத் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்து அனுமதியும் வந்துவிட்டது. "சரிபார்க்கப்படாத செயலி" என்ற எச்சரிக்கைத் திரை இப்போது வருவதில்லை. ஆனாலும் ஏற்றுகிற எல்லா வீடியோவும் தனிப்பட்டதாகவே நிற்கிறது. ஏபிஐ பிழை எதுவும் தரவில்லை, பதில் ஒழுங்காகத்தான் வருகிறது. அனுப்புவது இதுதான்:

```json
"status": {
  "privacyStatus": "private",
  "publishAt": "2026-03-01T04:30:00Z",
  "selfDeclaredMadeForKids": false
}
```

எங்கே தவறு?

---

சேகர்_கோடு

நண்பரே, தவறு உங்கள் கோடிலேயே இருக்கிறதே. நீங்களே `private` என்று அனுப்புகிறீர்கள். அதை `public` ஆக்குங்கள், முடிந்தது.

---

நெடுவழி

சேகர் சொல்வது பாதி சரி. `publishAt` கொடுக்க வேண்டுமானால் `privacyStatus` கட்டாயம் `private` ஆகத்தான் இருக்க வேண்டும். நேரம் வந்ததும் யூடியூபே அதைப் பொதுவாக்கும். ஆகவே அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அதுவே நோயை மறைக்கிறது: நேரம் வரவில்லை என்பதால் தனிப்பட்டதாக இருக்கிறதா, பூட்டப்பட்டதால் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை வீடியோ போதும். `publishAt` வரியை எடுத்துவிட்டு `public` என்று அனுப்புங்கள். பிறகு சேனல் உரிமையாளராக ஸ்டுடியோவில் நுழைந்து 'தெரிவுநிலை' பத்தியைப் பாருங்கள். அங்கே பூட்டு இருந்து, கையால்கூடப் பொதுவாக்க முடியவில்லை என்றால், விஷயம் கோடில் இல்லை.

---

ஒலிச்சுவடி

செய்து பார்த்தேன். `public` என்று அனுப்பியும் பூட்டு விழுகிறது. ஸ்டுடியோவில் கையால் மாற்றவும் விடவில்லை. மேல்முறையீட்டுக்கான பொத்தானும் இல்லை.

---

நெடுவழி

அப்படியானால் உங்களுக்கு இன்னொரு வாசல் பாக்கி இருக்கிறது.

நீங்கள் முடித்தது கூகுள் ஓஆத் குழுவின் சரிபார்ப்பு. பயனரின் கணக்கை இந்தச் செயலி கேட்கலாமா, கேட்பது யார் என்று வெளிப்படையாகத் தெரிகிறதா, கேட்கிற ஸ்கோப்புக்குக் காரணம் உண்டா என்பது அவர்கள் வேலை. யூடியூப் ஏபிஐ சேவைகளின் இணக்க ஆடிட் வேறு. வேறு படிவம், வேறு குழு, வேறு கேள்விகள். 2020 ஜூலை 28க்குப் பிறகு உருவாக்கப்பட்ட ப்ராஜெக்ட் எதுவானாலும், அந்த ஆடிட்டைத் தாண்டும்வரை `videos.insert` வழியாக ஏறும் வீடியோக்கள் தனிப்பட்டதாகவே பூட்டப்படும். ஓஆத் அனுமதி இந்தப் பூட்டைத் தொடாது.

பூட்டப்பட்ட வீடியோக்கள் ஆடிட் முடிந்ததும் தானாகத் திறந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யூடியூபின் உதவிப் பக்கம் சொல்கிற வழி மறுபடி ஏற்றுவதுதான்: சரிபார்க்கப்பட்ட செயலி மூலமாகவோ, யூடியூப் தளத்திலிருந்து நேரடியாகவோ.

---

பழைய_சர்வர்

இதெல்லாம் வீண் பயம்ங்க. என் செயலி பல வருஷமா ஓடுது, ஆடிட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, எல்லாம் பொதுவாத்தான் போகுது. செயலியை 'சோதனை' நிலையிலேயே வைங்க, வாடிக்கையாளர்களைச் சோதனைப் பயனரா சேர்த்துக்கோங்க. யாரும் கேக்க மாட்டாங்க.

---

நெடுவழி

பழைய_சர்வர், உங்கள் ப்ராஜெக்ட் எப்போது உருவாக்கியது?

---

பழைய_சர்வர்

2018ல.

---

நெடுவழி

அதனால்தான் உங்களுக்குப் பூட்டு விழவில்லை. இவருடையது புதியது, உங்கள் அனுபவம் இவருக்குப் பொருந்தாது.

சோதனை நிலையும் உதவாது. அந்த நிலையில் கொடுக்கப்படும் ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளரும் வந்து மறுபடி அனுமதி தர வேண்டும், பயனர் எண்ணிக்கையும் 100ஐத் தாண்டாது. தானியங்கிச் செயலிக்கு அது சரிப்படுமா? பூட்டு அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

---

பழைய_சர்வர்

7 நாள் விஷயம் உண்மைதான், ஒரு நண்பருக்கு `invalid_grant` வந்துக்கிட்டே இருந்தது, காரணம் இப்பதான் புரியுது. சரி, விடுங்க.

---

ஒலிச்சுவடி

அப்படியென்றால் ஆடிட்டுக்கே போகிறேன். என் செயலி இப்போது இருக்கிற நிலையைச் சொல்லிவிடுகிறேன், எங்கே மாட்டுவேன் என்று சொல்லுங்கள்.

கேட்கும் ஸ்கோப்: `youtube`, `youtube.upload`, மின்னஞ்சல். தலைப்பும் விவரிப்பும் ஆர்எஸ்எஸ்ஸிலிருந்து அப்படியே வரும், பயனர் எதையும் நிரப்ப வேண்டாம். குழந்தைகளுக்கானதா என்ற கேள்விக்கு `false` என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். சேனலின் பெயரும் சந்தாதாரர் எண்ணிக்கையும் முகப்பில் காட்டுவேன், அது தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒரு இலவச வார்ப்புருவிலிருந்து எடுத்தது.

---

நெடுவழி

நல்லது, ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வாளர் உங்கள் செயலிக்குள் நுழைந்தால் எந்த வரிசையில் பார்ப்பாரோ, அதே வரிசையில் போகிறேன்.

முதலில் அவர் கண்ணில் படுவது அனுமதித் திரை. நீங்கள் `youtube` ஸ்கோப் கேட்கிறீர்கள். அதன் பொருள் "உங்கள் யூடியூப் கணக்கை நிர்வகிக்கட்டுமா" என்பது. வீடியோவை அழிக்கலாம், பிளேலிஸ்ட்டைக் கலைக்கலாம். ஒரு அத்தியாயத்தை ஏற்றும் செயலிக்கு அது எதற்கு? ஏற்றுவதற்கும், அட்டைப் படத்தை `thumbnails.set` மூலம் வைப்பதற்கும் `youtube.upload` ஒன்றே போதும். சேனல் பெயரைக் காட்ட `youtube.readonly` வேண்டும். அந்த இரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் செயலியில் ஒரு திரையை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத ஸ்கோப் இருந்தால் கேள்வி அங்கேதான் வரும். ஸ்கோப்பை மாற்றினால் ஓஆத் பக்கமும் அதை மறுபடி பதிய வேண்டியிருக்கும், `youtube.readonly` புதிதாகச் சேர்வதால் அதற்கும் சரிபார்ப்பு வேண்டும்.

அடுத்தது ஏற்றும் திரை. உங்களிடம் அப்படி ஒரு திரையே இல்லை என்று தோன்றுகிறது, உங்கள் பெரிய சிக்கல் அதுதான். வீடியோ ஏற்றும் செயலிகளுக்கு யூடியூப் ஒரு குறைந்தபட்சச் செயல்பாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. தலைப்பு, விவரிப்பு, யார் பார்க்கலாம் என்பவற்றைப் பயனரே அமைக்க இடம் இருக்க வேண்டும். ஏற்றும் பொத்தானுக்கு அருகில், இந்த உள்ளடக்கம் யூடியூப் விதிமுறைகளுக்கும் சமூக வழிகாட்டுதல்களுக்கும் உட்பட்டது என்று பயனர் உறுதி சொல்கிறார் என்ற வாசகமும் தேவை. குழந்தைகளுக்கானதா என்பதை நீங்கள் `false` என்று எழுதிவைத்திருப்பது என் பார்வையில் இதைவிட மோசம். அது சேனல் உரிமையாளர் தம் பொறுப்பில் சொல்ல வேண்டிய பதில். நாளை ஒருவர் சிறுவர் கதை பாட்காஸ்ட்டை இணைத்தால், அவர் சார்பில் பொய் சொன்னது உங்கள் செயலி.

மூன்றாவது கொள்கைப் பக்கம். வார்ப்புருவில் எல்லோரும் விழும் குழி இது. செயலி யூடியூப் ஏபிஐ சேவைகளைப் பயன்படுத்துகிறது என்று அந்தப் பக்கம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். கூகுள் தனியுரிமைக் கொள்கைக்கு இணைப்பு வேண்டும். கூகுளின் பாதுகாப்பு அமைப்புகள் பக்கத்துக்குப் போய் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்பதையும், உங்களைத் தொடர்புகொள்ளும் வழியையும் சொல்ல வேண்டும். உங்கள் பயன்பாட்டு விதிமுறைகளில், இந்தச் செயலியைப் பயன்படுத்துபவர் யூடியூப் சேவை விதிமுறைகளுக்குக் (https://www.youtube.com/t/terms) கட்டுப்படுகிறார் என்று இருக்க வேண்டும். மறுப்பு மின்னஞ்சலில் கொள்கையின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே எழுதுவார்கள். அந்தப் பிரிவைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டால் விடுபட்டது தெரிந்துவிடும்.

கடைசியாக, சேமித்த தரவு. பயனர் அழிக்கச் சொன்னால் 7 நாட்காட்டி நாட்களுக்குள் அழிக்க வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் வையுங்கள், "மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பொத்தான் டோக்கனையும் ரத்துசெய்ய வேண்டும்:

```
POST https://oauth2.googleapis.com/revoke?token=...
```

சந்தாதாரர் எண்ணிக்கையை ஒருமுறை எடுத்து வருடக்கணக்கில் வைத்திருப்பதும் ஆகாது. 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். உங்கள் செயலிக்கு அந்த எண்ணே தேவையில்லை என்பேன். சேமிக்காத தரவுக்கு யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை.

---

வானதி

எல்லாம் சரி, ஆனால் ஒன்று இடிக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் பயனர் வந்து தலைப்பு போட்டு, பொத்தான் அழுத்த வேண்டுமென்றால், அப்புறம் தானியங்கி என்ற பேச்சு எதற்கு? அதற்கு அவர் ஸ்டுடியோவிலேயே ஏற்றிக்கொள்வாரே.

---

தணிகை

நான் டிக்டாக்கின் உள்ளடக்கம் பதிவிடும் ஏபிஐக்கு விண்ணப்பித்தவன். வானதி கேட்டதற்கு அங்கே எழுத்திலேயே பதில் இருக்கிறது, கடுமையான பதில். பதிவை யார் பார்க்கலாம் என்ற பட்டியலில் முன்கூட்டியே எதையும் தேர்ந்து வைக்கக் கூடாது, பயனரே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருத்துரை, டூயட், ஸ்டிட்ச் மூன்றும் அணைந்த நிலையில் இருக்க வேண்டும். விளம்பர உள்ளடக்கமா என்று தெரிவிக்க ஒரு சுவிட்ச் வேண்டும், அதுவும் அணைந்த நிலையில். போவதற்கு முன் என்ன போகிறது என்று முன்னோட்டம் காட்ட வேண்டும். செயலியின் பெயரையோ முத்திரையையோ வீடியோமேல் பதிக்கக் கூடாது. ஆடிட் முடியும்வரை அங்கேயும் பதிவுகள் தனிப்பட்டவைதான், 24 மணி நேரத்தில் 5 பயனர்தான்.

நான் இதைப் புரிந்துகொண்ட விதம்: அவர்களுக்குத் தானியக்கம்மேல் பகை இல்லை. பயனர் செய்ய வேண்டிய தேர்வைச் செயலி தானாகச் செய்துவிடுகிறதா என்பதைத்தான் தேடுகிறார்கள்.

---

வானதி

அது டிக்டாக். யூடியூபில் "ஒவ்வொரு பதிவுக்கும்" என்று எங்கே இருக்கிறது? சேனலை இணைக்கும்போதே பயனர் ஒரு வார்ப்பு அமைக்கட்டும்: தலைப்பு இந்த வடிவில், தெரிவுநிலை இது, குழந்தைகளுக்கானதல்ல. அவரே தேர்ந்தெடுத்ததுதானே? அதன்பிறகு ஏறும் எல்லாவற்றுக்கும் அந்தச் சம்மதம் போதும் என்பது என் வாதம்.

---

நெடுவழி

வாதம் நியாயமானதே. பயனரின் வெளிப்படையான முன் சம்மதம் வேண்டும் என்பதுதான் அடிப்படை, அதை வார்ப்பு மூலமும் வாங்கலாம் என்று படிக்க இடமுண்டு. ஆனால் நான் முதல் விண்ணப்பத்தில் அந்தப் பந்தயத்தைக் கட்ட மாட்டேன். வார்ப்போடு ஒரு வரிசைப் பக்கமும் வைப்பேன். புதிய அத்தியாயம் வந்ததும் அங்கே நிற்கும், பயனர் தலைப்பைத் திருத்தலாம், தெரிவுநிலையை மாற்றலாம், 'அட்டவணையிடு' அழுத்தினால்தான் நகரும். வீடியோவாக்குவது, அட்டைப் படம் பொருத்துவது, நேரம் பார்த்து ஏற்றுவது எல்லாம் செயலி பார்த்துக்கொள்ளும். அலுப்பான வேலை அதுதானே.

---

வானதி

பாதுகாப்பான வழி என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். விதி அதுதான் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

---

மின்மினி

சாரி, நடுவுல வரேன். எனக்கும் இதே மாதிரி ஒரு ஆப் இருக்கு. என் சேனல் வீடியோவுக்கு வர்ற கருத்துக்கெல்லாம் தானா "நன்றி, சப்ஸ்கிரைப் பண்ணுங்க"ன்னு பதில் போடும். மத்தவங்க சேனல் வீடியோவுக்கும் கருத்து போடும். இதுக்கும் இதே படிவம்தானா?

---

தணிகை

படிவம் இருக்கட்டும், முதலில் அந்த இரண்டாவது பகுதியை எடுத்துவிடுங்கள். மற்றவர் வீடியோவில் தானாகக் கருத்து போடுவது ஸ்பாம். ஆடிட்டுக்கு அனுப்பினால் நீங்களே கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்த மாதிரி. உங்கள் சேனலுக்கு வரும் கருத்துகளுக்குப் பதில் வரைவு தயாரித்து, நீங்கள் படித்து அனுப்புவது போல இருந்தால் அது வேறு பேச்சு. அதற்கு `youtube.force-ssl` ஸ்கோப் வேண்டும்.

---

மின்மினி

படிச்சு அனுப்பறதுன்னா எதுக்கு ஆப்… சரி, யோசிக்கறேன்.

---

ஒலிச்சுவடி

வரிசைப் பக்கம் கட்டத் தொடங்கிவிட்டேன், `youtube` ஸ்கோப்பை எடுத்தாயிற்று. ஒரு இழப்பு: அத்தியாயத்தைப் பிளேலிஸ்ட்டில் சேர்க்கும் வசதி போய்விட்டது, `playlistItems.insert` அந்த இரண்டு ஸ்கோப்பில் நடக்காது. பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படிவத்தில் செயலியை விவரிக்கும் இடத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "எங்கள் தளம் பாட்காஸ்ட் படைப்பாளிகளுக்கான முழுமையான தானியங்கி வளர்ச்சித் தீர்வு. யூடியூபில் அவர்களின் வீச்சைப் பெருக்குகிறது." இது போதுமா?

---

நெடுவழி

போதாது. கெடுதலும்கூட. "வளர்ச்சி", "வீச்சைப் பெருக்குதல்" என்ற சொற்கள் பார்வைகளை விற்கும் செயலிகளின் சொற்கள். படிப்பவர் அந்தக் கண்ணோடுதான் மீதியைப் படிப்பார்.

யார், எதை அழுத்தினால், எந்த அழைப்பு போகிறது என்று எழுதுங்கள். இப்படி:

"சேனல் உரிமையாளர் தம் ஆர்எஸ்எஸ் முகவரியைத் தந்து, கூகுள் கணக்கை இணைக்கிறார். புதிய அத்தியாயம் வந்தால் அது வரிசைப் பக்கத்தில் தோன்றும். அவர் தலைப்பு, விவரிப்பு, தெரிவுநிலை, குழந்தைகளுக்கானதா என்பவற்றைப் பார்த்து 'அட்டவணையிடு' அழுத்துகிறார். அதன்பின் `videos.insert` ஒருமுறையும் `thumbnails.set` ஒருமுறையும் அழைக்கிறோம். சேனல் பெயரைக் காட்ட `channels.list` அழைக்கிறோம். டோக்கனும் சேனல் ஐடியும் பெயரும் மட்டும் சேமிக்கப்படும். 'இணைப்பை நீக்கு' அழுத்தினால் மூன்றும் அழியும்."

இதற்கு ஒத்த திரைப்பதிவு ஒன்று வேண்டும். அனுமதித் திரையில் முகவரிப் பட்டையை மறைக்காதீர்கள், `client_id` தெரிய வேண்டும், ஓஆத் குழு அதைக் கட்டாயம் தேடும். அனுமதித் திரை ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஏற்றிய வீடியோ பூட்டோடு தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆடிட் ஆகாத ப்ராஜெக்டில் வேறு எப்படி இருக்கும்? 'இணைப்பை நீக்கு' அழுத்துவதையும் அதே பதிவில் காட்டுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

---

பழைய_சர்வர்

ஒரு சந்தேகம். நாள் ஒன்றுக்கு 10,000 யூனிட் கோட்டாதானே இயல்பா தர்றாங்க. வாடிக்கையாளர் கூடினா பத்தாது. நாலு ப்ராஜெக்ட் போட்டு மாத்தி மாத்தி அழைச்சா?

---

நெடுவழி

கூடாது. ஒரு செயலிக்கு ஒரு ப்ராஜெக்ட் என்பது விதி, கோட்டாவைத் தாண்டப் பிரித்துப் போடுவதை நேரடியாகத் தடை செய்திருக்கிறார்கள். ஆடிட் படிவமும் கோட்டா நீட்டிப்புப் படிவமும் ஒன்றுதான், அதிலேயே கேட்கலாம்.

ஆனால் கேட்கும் முன் யூனிட் எங்கே போகிறது என்று பாருங்கள். ஏற்றிய வீடியோக்களைத் தெரிந்துகொள்ள `search.list` அழைப்பவர்கள் நிறைய, ஒரு அழைப்புக்கு 100 யூனிட். அதே வேலையைச் சேனலின் ஏற்றங்கள் பிளேலிஸ்ட்டில் `playlistItems.list` அழைத்துச் செய்தால் 1 யூனிட். இதைச் சரிசெய்யாமல் நீட்டிப்புக் கேட்டால், ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

---

கடல்நண்டு

நான் ஒருவனே, என் சேனல் ஒன்றே. எனக்கென்று ஒரு ஸ்கிரிப்ட். வலைத்தளமும் இல்லை, பயனர்களும் இல்லை. எனக்கு ஆடிட் தருவார்களா?

---

தணிகை

டிக்டாக்கில் கேட்காதீர்கள். தானோ தன் குழுவோ நிர்வகிக்கும் கணக்குகளில் ஏற்றுவதற்கான கருவி ஏற்கப்படாது என்று வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறார்கள்.

---

வானதி

யூடியூபில் அப்படி வெளிப்படையான தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பிக்கலாம் என்பேன். கொள்கைப் பக்கம் இல்லாமல் முடியாது, ஒரு சிறிய தளமாவது வேண்டும்.

---

நெடுவழி

ஒரு சேனலுக்கு நான் அந்த உழைப்பைப் போட மாட்டேன். வீடியோ தயாரிப்பதைத் தானியங்கியாக்கிவிட்டு, ஏற்றுவதை மட்டும் ஸ்டுடியோவில் கையால் செய்துவிடலாம். பல கோப்புகளை ஒருசேர இழுத்துப் போட வசதி இருக்கிறது.

---

கடல்நண்டு

ஏற்றுவதுதான் எனக்கு அலுப்பே. விண்ணப்பித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

---

ஒலிச்சுவடி

அனுப்பும் முன் கடைசிக் கேள்வி. ஆய்வாளருக்குச் சோதனைக் கணக்கு தரச் சொல்கிறார்கள். என் செயலியில் நுழைய கைப்பேசிக்கு ஓடிபி வரும். என் எண்ணையே கொடுத்துவிடலாமா?

---

தணிகை

ஐயோ, வேண்டாம். அவர் எந்த நேரத்தில் திறப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. ஓடிபி உங்கள் கைப்பேசிக்கு வரும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அவர் "அணுக முடியவில்லை" என்று எழுதி மூடிவிடுவார். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் ஓடிபியை நிறுத்தி, கடவுச்சொல்லால் நுழையும்படி செய்யுங்கள். வரிசைப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் முன்கூட்டியே இருக்கட்டும். வெறும் பக்கத்தைப் பார்த்தால் அவருக்கு என்ன அழுத்துவது என்று தெரியாது.

---

நெடுவழி

இன்னொன்று: படிவத்தில் கேட்பது ப்ராஜெக்ட் எண். எழுத்துகள் கலந்த ப்ராஜெக்ட் ஐடி வேறு. கன்சோல் முகப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், பார்த்துப் போடுங்கள்.